ஒரே ஒரு மாணவன், நான்கு கட்டங்கள், ஒரு வரைபடம்

ஒற்றை நபர் சோதனை என்பது ஒரே ஒருவரைப் பல நாட்கள் தொடர்ந்து அளந்து, அவரிடம் காணும் மாற்றத்துக்கு அவருக்குக் கொடுத்த பயிற்சியோ சிகிச்சையோதான் காரணமா என்று கண்டறியும் ஆய்வு முறை. வழக்கமான மருத்துவ ஆய்வில் நூறு பேருக்கு மருந்தும் இன்னொரு நூறு பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடுவார்கள். இங்கே ஒப்பிடப்படுவது அதே மனிதரின் இரண்டு நிலைகள்: பயிற்சி இல்லாத நாட்களில் அவர் எப்படி இருந்தார், பயிற்சி நடந்த நாட்களில் எப்படி இருந்தார் என்பது. பி. எஃப். ஸ்கின்னரின் ஆய்வுக்கூட மரபில் வளர்ந்த இந்த முறையை முர்ரே சிட்மன் 1960-இல் ஒரு நூலாக ஒழுங்குபடுத்தினார். 1968 முதல் பள்ளி, மருத்துவமனை, சிறப்புக் கல்வி ஆகிய துறைகளுக்கு அது பரவியது. பேச்சுப் பயிற்சி, பக்கவாதத்துக்குப் பிந்தைய மறுவாழ்வு, ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் கல்வி போன்றவற்றில் ஒரே மாதிரியான நூறு பேரைத் திரட்டுவது கடினம். அங்கெல்லாம் இந்த முறைதான் பெரும்பாலும் கைகொடுக்கிறது.

ஒரே ஒருவரைப் பற்றிய ஆய்வு என்பதால் அதை எழுதிவைப்பதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். கூட்டத்தின் சராசரிக்குள் மறைந்துபோகக்கூடிய சிறு தவறுகள் இங்கே முடிவையே மாற்றிவிடும். ஆஸ்திரேலியாவின் ராபின் டேட் தலைமையிலான பன்னாட்டுக் குழு 2016-இல் ஸ்க்ரைப் என்ற வழிகாட்டியை வெளியிட்டது அதற்காகத்தான். ஆய்வறிக்கையில் இடம்பெற வேண்டிய 26 கூறுகளை அது சொல்கிறது. அவற்றில் இரண்டைச் சுற்றியே வாசகருக்கு அதிகக் குழப்பம் வருகிறது. ஒன்று, வரைபடத்தைக் கண்ணால் பார்த்து முடிவு சொல்வது. மற்றொன்று, இரண்டு கட்டங்களின் எண்கள் எவ்வளவு ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன என்பதைக் கொண்டு விளைவின் அளவை ஓர் எண்ணாகச் சொல்வது.

விளக்கத்துக்காக ஒரு வகுப்பறையைக் கற்பனை செய்துகொள்ளலாம். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கணக்கு வகுப்பில் கை தூக்காமல், ஆசிரியர் கேட்காமலே உரக்கக் குரல் கொடுக்கிறான். வகுப்பு 40 நிமிடம். அந்த நேரத்தில் எத்தனை முறை குரல் கொடுத்தான் என்பதுதான் அளவு. பயிற்சி எளிமையானது. மேசைமேல் ஒரு சிறு அட்டை இருக்கும். குரல் கொடுக்காமல் கழியும் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஆசிரியர் அதில் ஒரு டிக் போடுவார். எட்டு டிக்குகளில் ஆறு கிடைத்துவிட்டால் வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம் படம் வரையலாம்.

முதல் ஐந்து நாட்கள் அட்டை இல்லை, எண்ணிக்கை மட்டும் நடக்கிறது. இது அடிநிலைக் கட்டம். ‘அ1’ என்று குறிக்கலாம். அடுத்த ஆறு நாட்கள் அட்டை உண்டு, அது ‘ஆ1’. பிறகு ஐந்து நாட்களுக்கு அட்டையை எடுத்துவிடுகிறார்கள் (அ2). கடைசி ஆறு நாட்கள் மறுபடியும் அட்டை வருகிறது (ஆ2). எண்கள் இப்படி இருப்பதாகக் கொள்வோம்:

அ1: 14, 11, 16, 13, 15
ஆ1: 12, 8, 6, 7, 5, 6
அ2: 9, 11, 12, 10, 13
ஆ2: 9, 6, 5, 4, 5, 4

நன்றாகப் போய்க்கொண்டிருந்த பயிற்சியை எதற்காக நடுவில் நிறுத்த வேண்டும் என்ற கேள்வி இயல்பாக எழும். அட்டை வந்த அதே வாரத்தில் பையனின் பக்கத்தில் உட்காரும் நண்பன் வேறு வகுப்புக்கு மாறியிருக்கலாம். வீட்டில் தூங்கும் நேரம் சீராகியிருக்கலாம். அ1-இலிருந்து ஆ1-க்கு மாறும்போது எண்கள் ஒருமுறை குறைந்தால் இவற்றில் எது காரணம் என்று சொல்ல முடியாது. அட்டையை எடுத்ததும் குரல் கூடி, திரும்ப வைத்ததும் குறைந்தால் மட்டுமே அந்தச் சந்தேகம் வலுவிழக்கும். நண்பன் மாறியதும் தூக்கம் சீரானதும் அட்டையின் வரவு செலவோடு மூன்று முறையும் ஒத்துப்போக வாய்ப்பு மிகக் குறைவு. அமெரிக்கக் கல்வித் துறையின் வாட் வொர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ் 2010-இல் வெளியிட்ட தரநிலைகள் இதைத்தான் கேட்கின்றன: மூன்று வெவ்வேறு வேளைகளில் விளைவு தெரிய வேண்டும்; குறையற்ற ஆய்வு என்று கொள்ள ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது ஐந்து அளவுகள் இருக்க வேண்டும்.

இந்த அ-ஆ-அ-ஆ வடிவம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட குழந்தை, பயிற்சியை நிறுத்தியதும் படிப்பை மறந்துவிடாது. தன்னையே அடித்துக்கொள்ளும் குழந்தையிடம் பயன் தரும் சிகிச்சையைச் சோதனைக்காக விலக்குவது முறையல்ல. அத்தகைய இடங்களில் வேறு வடிவங்கள் உண்டு. எந்த வடிவம், ஏன் அது, கட்டம் மாறும் நாளை யார் எப்போது தீர்மானித்தார்கள் என்பதை அறிக்கை சொல்லியாக வேண்டும். ஐந்து நாள் என்று முன்கூட்டியே முடிவு செய்வதும், எண்கள் நிலைப்படும்வரை காத்திருந்து மாற்றுவதும் ஒன்றல்ல. இரண்டாவது வழியில் ஆய்வாளரே தனக்குச் சாதகமான நாளைத் தேர்ந்தெடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

எண்களை நம்பலாமா என்ற கேள்வி அதற்கும் முன்னால் வருகிறது. ‘குரல் கொடுத்தல்’ என்றால் என்ன என்று முதலில் வரையறுக்க வேண்டும். முணுமுணுப்பு அதில் சேருமா, ஒரே மூச்சில் இரண்டு வாக்கியம் சொன்னால் ஒன்றா இரண்டா, சிரிப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பிறகு, ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு நாட்களில் இரண்டாவது ஒருவர் தனியாக உட்கார்ந்து எண்ண வேண்டும். இருவரின் எண்ணிக்கை எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைச் சொல்லும் விதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு நாள் முதலாமவர் 13, இரண்டாமவர் 14 எண்ணியதாகக் கொள்வோம். சிறிய எண்ணைப் பெரிய எண்ணால் வகுத்தால் ஒப்புதல் 93 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே வகுப்பைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துப் பார்த்தால் முதலாமவரின் எண்கள் 3, 4, 2, 4. இரண்டாமவரின் எண்கள் 4, 4, 3, 3. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக ஒப்புதல் கண்டு சராசரி எடுத்தால் 79 சதவீதம்தான் வருகிறது. வழக்கமாக எதிர்பார்க்கப்படும் 80-ஐ அது எட்டவில்லை. இருவரும் ஏறக்குறைய ஒரே மொத்தத்துக்கு வந்திருந்தாலும், எண்ணியது ஒரே சம்பவங்களைத்தானா என்பது உறுதியில்லை. எந்தக் கணக்கு முறையில் வந்த சதவீதம் என்று சொல்லாமல் ‘ஒப்புதல் 93’ என்று மட்டும் எழுதும் அறிக்கை வாசகரைத் தவறான நம்பிக்கைக்குக் கொண்டுபோகிறது.

இனி வரைபடம். கிடைக்கோட்டில் நாட்கள், செங்குத்துக் கோட்டில் குரல் கொடுத்த எண்ணிக்கை. செங்குத்துக் கோடு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். 4-இல் தொடங்கினால் சிறு இறக்கமும் பள்ளத்தாக்குபோலத் தெரியும். கட்டம் மாறும் இடத்தில் ஒரு செங்குத்துப் பிரிகோடு வரும். அந்தக் கோட்டைத் தாண்டி புள்ளிகளை இணைக்கக் கூடாது. பையன் வராத நாள் இருந்தால் அந்த இடம் வெற்றிடமாகவே தெரிய வேண்டும்.

இந்தப் படத்தைப் படிக்கும்போது ஆறு விஷயங்கள் கவனிக்கப்படுகின்றன. ஒரு கட்டத்தின் எண்கள் பொதுவாக எந்த உயரத்தில் நிற்கின்றன என்பது மட்டம். அவை ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்பது போக்கு. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் எவ்வளவு அலைகின்றன என்பது ஏற்ற இறக்கம். இவை மூன்றும் ஒரு கட்டத்துக்குள்ளே பார்ப்பவை. கட்டம் மாறியதும் மாற்றம் எவ்வளவு உடனடியாக வந்தது, இரண்டு கட்டங்களின் புள்ளிகள் எவ்வளவு கலந்திருக்கின்றன, ஒரே வகைக் கட்டங்கள் இரண்டு முறையும் ஒன்றுபோல நடந்துகொண்டனவா என்பவை கட்டங்களுக்கு இடையே பார்ப்பவை.

சிறுவனின் அ1 கட்டத்தில் நடு எண் 14. ஐந்து எண்களும் அதிலிருந்து கால் பங்குக்குள், அதாவது 10.5-க்கும் 17.5-க்கும் இடையில் இருக்கின்றன. ஏறுவதாகவோ இறங்குவதாகவோ தெளிவான போக்கு இல்லை. ஆகவே அட்டை வராமல் இருந்திருந்தால் ஆறாம் நாளும் ஏறக்குறைய இப்படியே இருந்திருக்கும் என்று எதிர்பார்க்க நியாயம் இருக்கிறது. அடிநிலைக் கட்டத்தின் வேலையே அந்த எதிர்பார்ப்பைத் தருவதுதான். ஆ1-இல் நடு எண் 6.5-க்கு இறங்குகிறது. உடனடித் தன்மையைக் காண, முந்தைய கட்டத்தின் கடைசி மூன்று எண்களையும் புதிய கட்டத்தின் முதல் மூன்று எண்களையும் எடுப்பார்கள். 16, 13, 15 என்பதன் நடு எண் 15. 12, 8, 6 என்பதன் நடு எண் 8. ஏழு குறைந்திருக்கிறது. அட்டையை எடுத்தபோது 6-இலிருந்து 11-க்கு ஏறியது. திரும்ப வைத்தபோது 12-இலிருந்து 6-க்கு இறங்கியது. மூன்று மாற்றங்களும் எதிர்பார்த்த திசையிலேயே இருக்கின்றன.

ஆனால் படம் இன்னொன்றையும் சொல்கிறது, அதையும் எழுத வேண்டும். ஆ1-இன் முதல் நாள் 12 என்பது அடிநிலை எண்களோடு கலந்து நிற்கிறது. அட்டையின் விதி பையனுக்குப் புரிய ஒரு நாள் ஆகியிருக்கலாம். அதோடு, அ2-இன் நடு எண் 11. பழைய 14-க்கு அது திரும்பிப் போகவில்லை. அட்டை இல்லாத நாட்களிலும் பழக்கம் ஓரளவு தங்கிவிட்டது என்பது ஒரு விளக்கம். வகுப்பில் வேறு ஏதோ மாறியிருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டில் எது என்பதை இந்த எண்களைக் கொண்டு தீர்மானிக்க முடியாது.

கண்ணால் பார்த்துச் சொல்வது ஆளுக்கு ஆள் மாறும் என்ற குறை பழையது. டிப்ராஸ்பெரோவும் கோஹனும் 1979-இல் இப்படிப்பட்ட வரைபடங்களை இதழ்களின் மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். அவர்களுடைய மதிப்பீடுகளுக்கு இடையே சராசரி ஒப்புமை 0.61 அளவில்தான் இருந்தது. கைதேர்ந்தவர்களே இவ்வளவு வேறுபட்டால், ‘வரைபடத்தில் தெளிவான விளைவு தெரிகிறது’ என்ற ஒற்றை வாக்கியத்துக்கு மதிப்பில்லை. எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறோம் என்பதைக் கூறுகூறாக எழுத வேண்டியிருப்பது இதனால்தான். கூடவே ஓர் எண்ணும் தேவைப்பட்டது.

அப்படி வந்த எண்களில் ஒன்று, ஸ்க்ரக்ஸும் மாஸ்ட்ரோபியரியும் காஸ்டோவும் 1987-இல் முன்வைத்த பிஎன்டி. அடிநிலையின் மிகச் சிறந்த எண்ணை எடுத்துக்கொண்டு, அதைவிடவும் நன்றாக இருக்கும் பயிற்சி நாட்கள் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதுதான் அது. இங்கே குறைவதுதான் முன்னேற்றம் என்பதால் அ1-இன் சிறந்த எண் 11. ஆ1-இன் ஆறு நாட்களில் ஐந்து அதற்குக் கீழே இருக்கின்றன, 83 சதவீதம். விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால் இது வேகமாகப் பரவியது. ஆனால் முழுக் கணக்கும் ஒரே ஒரு எண்ணின்மேல் நிற்கிறது. மூன்றாம் நாள் பையனுக்குக் காய்ச்சல் வந்து சோர்ந்து உட்கார்ந்திருந்தான், அன்று 16-க்குப் பதில் 4 என்று வைத்துக்கொள்வோம். ஆ1-இல் 4-க்குக் கீழே ஒரு நாள்கூட இல்லை. பிஎன்டி ஒரேயடியாக 83-இலிருந்து பூஜ்யத்துக்கு விழுந்துவிடும்.

இதைச் சரிசெய்யத்தான் பார்க்கரும் வானெஸ்ட்டும் 2009-இல் நேப் என்ற அளவைக் கொண்டுவந்தார்கள். ஒரு கட்டத்தின் ஒவ்வொரு எண்ணையும் மற்றக் கட்டத்தின் ஒவ்வொரு எண்ணோடும் ஜோடி சேர்த்து, எத்தனை ஜோடிகளில் பயிற்சி நாள் நன்றாக இருக்கிறது என்று பார்ப்பது அதன் வழி. இரண்டும் சமமாக இருந்தால் அரை மதிப்பெண். அ1-இல் ஐந்து எண்கள், ஆ1-இல் ஆறு எண்கள்; 30 ஜோடிகள். ஆ1-இன் 8, 6, 7, 5, 6 ஆகிய ஐந்தும் அ1-இன் எல்லா எண்களைவிடவும் குறைவு. அதில் 25 ஜோடிகள் கிடைத்துவிட்டன. 12 என்ற எண் 14, 16, 13, 15 ஆகிய நான்கைவிடக் குறைவு, 11-ஐவிட மட்டும் அதிகம், அதில் 4. மொத்தம் 29. அதை 30-ஆல் வகுத்தால் 0.97. இரண்டாவது ஜோடியான அ2-ஆ2-இல் 9-உம் 9-உம் சமமாக வருவதால் 29.5 கிடைக்கிறது, 0.98. இரண்டையும் சேர்த்தால் 60-இல் 58.5, அதாவது 0.975. காய்ச்சல் நாளை வைத்து அ1-ஆ1-ஐக் கணக்கிட்டாலும் 30-இல் 23, அதாவது 0.77 கிடைக்கிறது. குறைகிறது, ஆனால் பூஜ்யமாகிவிடவில்லை.

நேப்பின் பொருளை எளிதாகச் சொல்லிவிடலாம். அட்டை இல்லாத நாள் ஒன்றையும் அட்டை இருந்த நாள் ஒன்றையும் குருட்டாம்போக்கில் எடுத்தால், அட்டை இருந்த நாள் நன்றாக இருப்பதற்கான வாய்ப்பு அது. 0.5 என்றால் அட்டையால் எந்த வேறுபாடும் இல்லை. 1 என்றால் இரண்டு கட்டங்களும் கொஞ்சமும் கலக்கவில்லை. 0.5-க்குக் கீழே போனால் நிலைமை மோசமாகியிருக்கிறது. இந்த அளவை முன்வைத்தவர்கள் 0.65 வரை சிறிய விளைவு, 0.92 வரை நடுத்தரம், அதற்குமேல் பெரியது என்று ஒரு வரம்பு சொன்னார்கள். அந்த வரம்பை அப்படியே ஒட்டிக்கொண்டு ‘பெரிய விளைவு’ என்று முடித்துவிடுவதுதான் அறிக்கைகளில் அடிக்கடி காணும் தவறு.

நேப் அளப்பது கலப்பைத்தான்; தூரத்தை அல்ல. ஆ1-இன் எண்கள் 10, 9, 10, 8, 9, 10 என்று இருந்திருந்தால் எல்லாமே 11-க்குக் கீழே. நேப் சரியாக 1. உண்மையில் கிடைத்த 0.97-ஐவிட அது உயர்ந்த எண். ஆனால் பையன் நாளொன்றுக்கு இன்னும் ஒன்பது பத்து முறை குரல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். ஆசிரியருக்குப் பெரிய நிம்மதி எதுவும் கிடைத்திருக்காது. உண்மையான எண்களில் நேப் சற்றுக் குறைவு, ஆனால் குரல் பாதிக்குமேல் குறைந்திருக்கிறது. ஆகவே நேப்புக்குப் பக்கத்திலேயே நடு எண்களும் வர வேண்டும்: 14-இலிருந்து 6.5-க்கு, 11-இலிருந்து 5-க்கு.

இதைவிட ஆபத்தான குறை ஒன்று உண்டு. அடிநிலை எண்கள் 16, 14, 12, 11, 10 என்றும், பயிற்சிக் கட்டத்தில் 9, 8, 7, 6, 5, 4 என்றும் இருப்பதாகக் கொள்வோம். நேப் 1. வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் விஷயம் தெரிந்துவிடும்: குரல் ஏற்கனவே தானாகக் குறைந்துகொண்டிருந்தது, அட்டை வந்த பிறகும் அதே சரிவு தொடர்ந்தது. அட்டைக்கு இதில் பங்கு இருந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. எண் முழு மதிப்பெண் கொடுக்கிறது, கண் பூஜ்யம் கொடுக்கிறது. இங்கே கண் சொல்வதுதான் சரி.

பார்க்கரும் குழுவும் 2011-இல் கொண்டுவந்த டவ்-யூ இந்தச் சரிவைக் கழிக்க முயன்றது. 30 ஜோடிகளிலும் முன்னேற்றம் இருப்பதால் 30. அடிநிலைக்குள்ளேயே இருக்கும் 10 ஜோடிகளும் ஏற்கனவே குறைந்துவந்ததால் 10-ஐக் கழித்தால் 20. அதை 30-ஆல் வகுத்தால் 0.67. இதிலும் சிக்கல் உண்டு. அடிநிலை மோசமாகிக்கொண்டே வந்திருந்தால் கழிப்பது கூட்டலாக மாறி, 30-உம் 10-உம் சேர்ந்து 40, வகுத்தால் 1.33. 1-ஐத் தாண்டும் ஒப்புமை எண்ணுக்கு எந்தப் பொருளும் சொல்ல முடியாது. ஐந்தே புள்ளிகளில் தென்படும் சரிவு உண்மையான சரிவா, தற்செயலா என்பதும் தெரியாது. ஆகவே எந்த அளவைத் தேர்ந்தெடுப்பது என்று எண்களைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்து எழுதிவைப்பதே நேர்மையான வழி. நான்கைந்து அளவுகளைக் கணக்கிட்டுப் பார்த்துப் பெரியதை மட்டும் வெளியிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

நேப்போடு நம்பக எல்லையையும் பி-மதிப்பையும் சேர்த்துப் போடும் வழக்கம் பரவியிருக்கிறது. அவற்றின் கணக்கு, ஒவ்வொரு நாளின் எண்ணும் மற்ற நாட்களைச் சாராதது என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே பையனின் நேற்றைய நடத்தையும் இன்றைய நடத்தையும் அப்படி விலகி நிற்பதில்லை. எல்லை உண்மையைவிடக் குறுகலாக வர வாய்ப்பு இருக்கிறது என்பதை அறிக்கையில் குறிப்பிட வேண்டும்.

இவற்றையெல்லாம் கொண்டு அந்தச் சிறுவனைப் பற்றிய முடிவுப் பத்தியை ஏறக்குறைய இப்படி எழுதலாம்:

“அடிநிலையில் குரல் கொடுத்தல் நிலையாக இருந்தது (நடு எண் 14, வீச்சு 11–16). அட்டை வந்ததும் அது குறைந்தது (நடு எண் 6.5, வீச்சு 5–12), முதல் நாள் மட்டும் அடிநிலையோடு கலந்தது. அட்டையை விலக்கியபோது கூடியது (நடு எண் 11, வீச்சு 9–13), ஆனால் தொடக்க மட்டத்தை எட்டவில்லை. மீண்டும் வைத்தபோது குறைந்தது (நடு எண் 5, வீச்சு 4–9). மூன்று கட்ட மாற்றங்களிலும் எதிர்பார்த்த திசையில் மாற்றம் தெரிந்தது. குறைவதை முன்னேற்றமாகவும் சமமான ஜோடிகளை அரையாகவும் கொண்டு கணக்கிட்ட நேப், அ1-ஆ1-க்கு 0.97, அ2-ஆ2-க்கு 0.98. ஆ1-அ2 ஒப்பீடு இதில் சேர்க்கப்படவில்லை.”

கடைசி வாக்கியம் சிறியதாகத் தெரிந்தாலும் தேவையானது. எந்தக் கட்டங்களை ஒப்பிட்டார்கள், எப்படிச் சேர்த்தார்கள் என்று தெரியாவிட்டால் இன்னொருவரால் அதே எண்ணை மறுபடி வரவழைக்க முடியாது. 22 நாட்களின் எண்களையும் ஓர் அட்டவணையில் கொடுத்துவிட்டால், பிற்காலத்தில் வேறு அளவு வந்தாலும் யாரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆசிரியர் அட்டையை விதிப்படிதான் பயன்படுத்தினாரா, எத்தனை டிக்குகள் தவறிப்போயின என்ற பதிவும் உடன் இருக்க வேண்டும். அது இல்லாமல், பலன் தராத ஒரு நாளைப் பற்றி எழுதும்போது பயிற்சி தோற்றதா, பயிற்சியே நடக்கவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த அறிக்கை உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: இந்தப் பையனிடம், இந்த வகுப்பில், இந்த ஆசிரியரின் கையில் அட்டை வேலை செய்தது. வேறு பிள்ளைகளிடமும் பலிக்குமா என்பதை நேப் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அது காட்டாது. அதற்கு, வேறு இடங்களில் வேறு ஆய்வாளர்கள் இதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். வாட் வொர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ் அதற்கும் ஓர் அளவு வைத்தது: தரநிலைகளுக்கு உட்பட்ட குறைந்தது ஐந்து ஆய்வுகள், வெவ்வேறு இடங்களைச் சேர்ந்த மூன்று ஆய்வுக் குழுக்கள், எல்லாம் சேர்த்து இருபது சோதனைகள். ஒருவரைப் பற்றிய அறிக்கை அந்த இருபதில் ஒன்றாகச் சேர வேண்டுமானால், அதன் வரைபடமும் மூல எண்களும் கணக்கு முறையும் பிறர் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் முழுமையாக வெளிவந்திருக்க வேண்டும்.